தீபாவளிக்கு மறுநாள் வந்த புடவை

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, இந்தப் பண்டிகைக் காலத்தில் தாங்கள் அளித்த அமோக ஆதரவுக்கு நன்றி. எதிர்பாராத காரணங்களால் சில ஆர்டர்கள் வந்து சேர்வதில் தாமதம் ஏற்பட்டுள்ளது. இதனால் தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். எங்கள் அன்பின் அடையாளமாக அடுத்த ஆர்டருக்கு 10% தள்ளுபடி! கோடு: DIWALI10. குறைந்தது ரூ.1,999-க்கு வாங்க வேண்டும். நிபந்தனைகளுக்கு உட்பட்டது. அக்டோபர் 31 வரை மட்டுமே!"

பண்டிகைக்குப் பண்டிகை இப்படியொரு கடிதம் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வந்து விழுகிறது. மரியாதையில் குறை சொல்ல முடியாது. ஆனால் படிப்பவருக்குக் கோபம் கூடுகிறதே தவிர, தணிவதில்லை. அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்றே: என் புடவை இப்போது எங்கே இருக்கிறது, தீபாவளிக்குள் வருமா வராதா, வராது என்றால் பணம் திரும்பி வருமா. மூன்றுக்கும் இதில் பதில் இல்லை. பதிலாக இருப்பது, இன்னும் ரூ.1,999 செலவு செய்யச் சொல்லும் ஒரு விளம்பரம். "ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால்" என்ற வரி இன்னும் மோசம். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பழைய புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் "சிரமம் ஏற்பட்டதா என்ன?" என்று கேட்பதாகிறது அது.

தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுவது சின்ன வேலையாகத் தெரியும். உண்மையில் அந்தக் கடிதத்தின் பெரும்பகுதி, பேனாவைத் தொடுவதற்கு முன்பே கடையின் பார்சல் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. அது எப்படி என்று காட்ட ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம்.

சேலம் மாவட்டம் இளம்பிள்ளை. புடவைக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு குடும்பம், இன்ஸ்டாகிராமிலும் சொந்த இணையதளத்திலும் சாஃப்ட் சில்க் புடவை விற்கிறது. கணவன், மனைவி, பார்சல் கட்ட மூன்று பெண்கள். புடவை ஒன்று சராசரியாக ரூ.1,450, டெலிவரிக்கு ரூ.80. "5 முதல் 7 நாளில் வீடு வந்து சேரும்" என்று பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். 2025 தீபாவளி, அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதற்கு முந்தைய நாள் ஞாயிறு. பல ஊர்களில் கூரியர் பையன் வர மாட்டான். ஆகவே நாள்காட்டியில் தீபாவளி 20 என்றாலும், இந்தக் கடைக்குக் கெடு சனிக்கிழமை 18-ஆம் தேதியே முடிந்துவிடுகிறது. பண்டிகை ஆர்டர்கள் மொத்தம் 640. புதன்கிழமை 15-ஆம் தேதி இரவு கணக்குப் பார்த்தால் 500 போய்ச் சேர்ந்துவிட்டன. மீதி 140.

கடைக்காரர் செய்யும் முதல் தவறு இங்கேதான். 140 பேருக்கும் ஒரே கடிதத்தைத் தட்டிவிடுவார். ஆனால் அந்த 140-ம் ஒரே நிலையில் இல்லை. கூரியர் நிறுவனத்தின் பக்கத்தில் ஒவ்வொரு பார்சலுக்கும் கடைசியாக எங்கே ஸ்கேன் ஆனது என்று இருக்கும். அதை ஒரு எக்செல் ஷீட்டில் இறக்கி, கடைசி ஸ்கேன் வாரியாகப் பிரித்தால் அரை மணி நேரத்தில் மூன்று கட்டு கிடைத்துவிடும். நம் கடையில் 52 பார்சல்கள் வாடிக்கையாளரின் ஊர் ஹப்புக்கே போய்விட்டன. இன்றோ நாளையோ வீட்டுக்கு வந்துவிடும். 53 பார்சல்கள் நடுவழியில் ஏதோ ஒரு பெரிய ஹப்பில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். மிச்சம் 35 பார்சல்களுக்கு ஒரு ஸ்கேன்கூட இல்லை. அவை எங்கே? கடை வராந்தாவில், சாக்குப் பைக்குள்.

இந்த 35 பேருக்கும் "உங்கள் பார்சல் அனுப்பப்பட்டுவிட்டது" என்ற மெசேஜ் நாலு நாளைக்கு முன்பே போயிருக்கும் என்பதுதான் விபரீதம். பல இணையதளங்களில் லேபிளை அச்சடித்தவுடனேயே அந்த மெசேஜ் தானாகப் போய்விடுகிறது. நெரிசல் நாளில் கடைக்காரர் நூறு லேபிளை மொத்தமாக அடித்து வைத்துவிடுவார். பார்சல் கட்ட ஆள் போதாது. கட்டியதை ஏற்ற கூரியர் வண்டியில் இடம் இருக்காது. வாங்கியவரும் இதைக் கண்டுபிடிக்கலாம். டிராக்கிங் பக்கத்தில் லேபிள் தயாரான தேதி மட்டும் இருந்து, கூரியர் ஆள் பார்சலை எடுத்துக்கொண்ட நேரம் பதிவாகாமல் இருந்தால், பார்சல் கடையை விட்டு நகரவே இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இது தெரிந்த வாடிக்கையாளரிடம் போய் "கூரியர் தாமதம்" என்று எழுதினால், அடுத்த வரியை அவர் நம்பப்போவதில்லை.

மூன்று கட்டுக்கும் மூன்று விதமாக எழுத வேண்டும். முதல் கட்டில் உள்ள 52 பேரிடம் மன்னிப்பே கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. "உங்கள் பார்சல் உங்கள் ஊருக்கு வந்துவிட்டது. வெள்ளி அல்லது சனிக்கிழமை வீட்டுக்கு வரும். சனிக்கிழமை மாலைக்குள் வராவிட்டால் இந்த நம்பருக்குச் சொல்லுங்கள்" என்ற மூன்று வரி போதும். நடக்காத தவறுக்கு முன்கூட்டியே வருந்தினால், நாளை நிஜமாகவே வருந்த வேண்டி வரும்போது அந்த வார்த்தைக்கு மதிப்பிருக்காது.

இதை வெறும் ஊகத்தில் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஊபர் டாக்ஸிப் பயணிகள் 15 லட்சம் பேரை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். அதில் ஒருவர் ஜான் லிஸ்ட், சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர். அப்போது ஊபரிலும் வேலை பார்த்தவர். ஒரு மாநாட்டில் பேசுவதற்காக ஊபர் வண்டியில் ஏறிய அவர், வேலையில் மூழ்கியிருந்துவிட்டுத் தலை நிமிர்ந்து பார்த்தால், வண்டி சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கே திரும்பி வந்திருந்ததாம். கம்பெனியிலிருந்து ஒரு மன்னிப்பும் வரவில்லை. அந்த எரிச்சலில் பிறந்த ஆய்வு, 2022-ல் 'எகனாமிக் ஜர்னல்' இதழில் வெளிவந்தது. தாமதமாகப் போய்ச் சேர்ந்த பயணிகளில் சிலருக்கு ஒன்றுமே அனுப்பவில்லை, சிலருக்கு மன்னிப்புக் கடிதம் மட்டும், சிலருக்கு 5 டாலர் கூப்பன் மட்டும், சிலருக்கு இரண்டும். அதன் பிறகு யார் எவ்வளவு பயணம் செய்தார்கள் என்று பார்த்தார்கள்.

வெறும் வார்த்தை பெரிதாக வேலை செய்யவில்லை, காசு பேசியது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று. ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கடிதம் போனால், ஒன்றுமே அனுப்பாமல் இருந்ததைவிட மோசமான விளைவு உண்டானது. "இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறோம்" என்று வாக்குக் கொடுத்த கடிதங்களும் அப்படியே திரும்பிக் கடித்தன. மன்னிப்பு என்பது கேட்கும்போதே ஒரு எதிர்பார்ப்பை உண்டாக்கிவிடுகிறது. அடுத்த முறையும் வண்டி தாமதமானால், வாக்குக் கொடுத்தவன் ஏமாற்றியதாகிவிடுகிறது. நம் கடைக்காரர் ஆயுத பூஜைக்கு ஒரு மன்னிப்பு, தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று அனுப்பிக்கொண்டிருந்தால், மூன்றாவதை அனுப்பாமலிருப்பதே மேல்.

இரண்டாவது கட்டில் உள்ள 53 பேர் கடைக்காரருக்குத் தலைவலி. பார்சலைத் திரும்பக் கூப்பிடவும் முடியாது, விரட்டவும் முடியாது. இவர்களுக்கு உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை: "உங்கள் புடவை 12-ஆம் தேதி எங்களிடமிருந்து கிளம்பியது. இரண்டு நாளாக ஒரே ஹப்பில் நிற்கிறது. தீபாவளிக்குள் வரும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியவில்லை. நீங்கள் வேறு கடையில் எடுத்துக்கொள்வதாக இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பார்சல் வரும்போது வாங்க வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுங்கள். முழுப் பணமும் தருகிறோம்." இதைக் கேட்டால் எந்த வியாபாரிக்கும் வயிறு கலங்கும். வந்த ஆர்டரை நாமே கெடுத்துக்கொள்வதா? ஆனால் இந்த வரி வியாழக்கிழமை போனால்தான் வாங்கியவருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் கையில் இருக்கிறது. அதே வரி செவ்வாய்க்கிழமை போனால் யாருக்கும் பயனில்லை. தாமதக் கடிதத்தில் மிக விலை உயர்ந்த சரக்கு கூப்பன் அல்ல, அந்த மூன்று நாள்தான்.

தவிர, திருப்பி எடுத்துக்கொள்வது கடைக்காரரின் பெருந்தன்மை மட்டும் அல்ல. 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, சொன்ன தேதிக்குப் பிறகு வந்த பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது. வெள்ளம், புயல் போல யார் கையிலும் இல்லாத காரணம் என்றால் மட்டும் விலக்கு. பண்டிகைக் கூட்டம் அந்தக் கணக்கில் வருமா என்றால், தீபாவளி எந்தத் தேதியில் வருகிறது என்பது ஓர் ஆண்டுக்கு முன்பே நாள்காட்டியில் அச்சாகிவிடுகிறது. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆகவே, பணத்தைத் திருப்பித் தர வேண்டிய இடத்தில் கூப்பனைக் கொடுத்துச் சமாளிக்கும் கடிதம் நேர்மையற்றது என்பதோடு, சட்டத்துக்கும் பொருந்தாது. "பணம் வேண்டுமா, 300 ரூபாய் கூடுதலாகக் கூப்பன் வேண்டுமா?" என்று கேட்கலாம். கூப்பன் மட்டும்தான் என்று சொல்லக் கூடாது.

மூன்றாவது கட்டுக்கு வருவோம். வராந்தாவிலேயே கிடக்கும் 35. இவர்களுக்கான கடிதத்தை முழுதாகவே எழுதிப் பார்க்கலாம். வியாழக்கிழமை காலை போக வேண்டியது.

"(பெயர்) அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் 9-ஆம் தேதி ஆர்டர் கொடுத்த மெரூன் சாஃப்ட் சில்க் புடவை இன்னும் எங்கள் கடையில்தான் இருக்கிறது. அனுப்பிவிட்டதாக 11-ஆம் தேதி உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கும். அது தவறு. லேபிள் ஒட்டியதோடு சரி, பார்சல் கிளம்பவில்லை.

ஒரு நாளைக்கு எங்களால் 60 பார்சல்தான் கட்ட முடியும். போன வாரம் சில நாள்களில் 110 ஆர்டர் வரை வாங்கிவிட்டோம். நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. ஏழு நாளில் வரும் என்று நாங்கள் சொன்னதை நம்பிக் காத்திருந்தீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி கூரியரில் போட்டால் தீபாவளிக்குள் வராது. கீழே உள்ளதில் எது வேண்டும் என்று 1, 2, 3 என்று எண்ணை மட்டும் அனுப்பினால் போதும்.

1. முழுப் பணமும் திரும்ப வேண்டும். இன்றே அனுப்பிவிடுவோம். கார்டில் கட்டியிருந்தால் உங்கள் கணக்கில் வர 5 முதல் 7 வேலை நாள் ஆகலாம்.

2. பஸ் பார்சலில் அனுப்புங்கள். நாளை இரவு சேலத்தில் ஏற்றினால் சனிக்கிழமை காலை உங்கள் ஊரில் இறங்கிவிடும். நீங்கள் போய் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். செலவு எங்களுடையது.

3. தீபாவளி முடிந்து வந்தால் போதும். 25-ஆம் தேதிக்குள் வீட்டுக்கு வரும்.

எதைச் சொன்னாலும் டெலிவரிக்கு வாங்கிய 80 ரூபாயைத் திருப்பிவிடுகிறோம். நாளை மதியம் 12 மணிக்குள் உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் நாங்களே ஃபோனில் கூப்பிடுகிறோம்.

பணம் திருப்புவதற்கு உங்களிடம் ஓ.டி.பி.யோ, பின் நம்பரோ கேட்க மாட்டோம். லிங்க் எதுவும் அனுப்ப மாட்டோம்."

புடவையின் நிறம் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது பாருங்கள். ஆர்டர் எண்ணைவிட அது முக்கியம். "இவர்களுக்கு நான் யார், என்ன கேட்டேன் என்று தெரிந்திருக்கிறது" என்ற நினைப்பு அங்கேதான் வருகிறது. காரணத்தைச் சொல்லும்போது 60, 110 என்ற இரண்டு எண்கள் வருகின்றன. "எதிர்பாராத காரணங்கள்" என்பதற்குப் பதில் இவை. கூரியர்காரர் பேச்சே இல்லை. அவர் வண்டியும் நிரம்பியிருந்தது உண்மைதான். ஆனால் வாங்கியவர் பணம் கட்டியது கடைக்கு. கூரியரைத் தேர்ந்தெடுத்ததும் கடை. மன்னிப்பு ஒரே ஒரு முறை, கடிதத்தின் நடுவில், காரணத்துக்குப் பின்னால் வருகிறது. முதல் வரியிலேயே "மிகவும் வருந்துகிறோம்" என்று ஆரம்பித்தால், எதற்கு என்று தெரியாமல் படிப்பவருக்கு அது சம்பிரதாயமாகிவிடுகிறது.

கடைசி இரண்டு வரிகள் வேறு காரணத்துக்காக. பண்டிகைக் காலத்தில் "உங்கள் பார்சல் நிற்கிறது, முகவரியைச் சரிபார்க்க இந்த லிங்கைத் தொடுங்கள்" என்று மோசடி மெசேஜ்கள் பறக்கின்றன. தபால் துறையின் பெயரையே போட்டு வந்தவையும் உண்டு. நல்ல கடையின் நிஜமான கடிதமும் அதே கூட்டத்தில்தான் வந்து விழுகிறது. பணம் உங்கள் கணக்குக்கு வருவதற்கு ஓ.டி.பி. தேவையே இல்லை. கேட்டால் அது கடை இல்லை.

இந்தக் கடிதத்தில் கூப்பன் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றே விட்டதுதான். ஊபர் ஆய்வு கூப்பனைத்தானே உயர்த்திச் சொன்னது என்று கேட்கலாம். ஊபரில் பயணம் முடிந்த பிறகு கடிதம் போனது. நஷ்டம் என்னவோ அது முடிந்துபோனது. இங்கே நஷ்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கையில் புடவை இல்லாதவரிடம் அடுத்த புடவைக்குத் தள்ளுபடி பேசுவது, பசித்தவனுக்கு நாளைய விருந்துக்கு அழைப்பு வைப்பது போல. முதலில் புடவையோ பணமோ அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.

தொழில்நுட்பமாகவும் ஒரு காரணம் இருக்கிறது. பல சிறு கடைகளுக்கு இது தெரிவதில்லை. நம் நாட்டில் வியாபார எஸ்.எம்.எஸ். அனுப்ப, மெசேஜின் வாசகத்தை டி.எல்.டி. என்ற தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆர்டர் பற்றிய தகவல் ஒரு வகை, விளம்பரம் இன்னொரு வகை. தகவல் மெசேஜுக்குள் கூப்பனை நுழைத்தால் மொத்தமும் விளம்பரமாகிவிடும். விளம்பரம் வேண்டாம் என்று பதிவு செய்து வைத்திருப்பவருக்கு அது போகவே போகாது. வாட்ஸ்அப்பின் வணிக மெசேஜ்களிலும் இதே பிரிவினை உண்டு. ஆக, ஆசையாகக் கூப்பனைச் சேர்த்த கடைக்காரரின் மன்னிப்பு, சேர வேண்டியவர்களில் ஒரு பகுதியினருக்குச் சேராமலே போய்விடுகிறது.

கூப்பனை எப்போது, எப்படித் தருவது? 25-ஆம் தேதிக்குப் பிறகு, எல்லாப் பார்சலும் எங்கேயோ போய்ச் சேர்ந்தபின், இரண்டாவதாக ஒரு சிறு கடிதம். முதல் கட்டின் 52-ல் ஒரு 12 பேருக்கும் தாமதமாகிவிட்டது என்று வையுங்கள். 53-ம் 35-ம் சேர்த்தால் மொத்தம் 100 பேர். இவர்களுக்கு என்ன கூப்பன்?

முதலில் சதவீதத்தைத் தூக்கிப் போட வேண்டும். 10% என்பது அவர் எவ்வளவு செலவு செய்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். அதிகம் வாங்கினால் அதிக மன்னிப்பு என்று ஆகிவிடுகிறது. நேராக 200 ரூபாய் என்று இருக்கட்டும். 2013 கிறிஸ்துமஸின்போது அமெரிக்காவில் இது நடந்தது. அந்த ஆண்டு நன்றி நவிலும் நாள் நவம்பர் 28 என்று தள்ளிப்போனதால் கடைவீதி நாள்கள் குறைந்தன, கடைசி நேர ஆன்லைன் ஆர்டர்கள் குவிந்தன, வானிலையும் கெட்டது. யு.பி.எஸ். கூரியரால் சமாளிக்க முடியாமல், ஏராளமான பரிசுப் பொட்டலங்கள் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் வீடு சேர்ந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்கு அமேசான் டெலிவரிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, 20 டாலர் பரிசு அட்டையும் கொடுத்தது. இவ்வளவுக்கு வாங்கினால் இத்தனை சதவீதம் என்ற கணக்கு அதில் இல்லை, கையில் கொடுத்த தொகை போல. கட்டணம் தனியாகத் திரும்பியது என்பதையும் கவனிக்க வேண்டும். செய்யாத வேலைக்கு வாங்கிய காசு காசாகவே திரும்ப வேண்டும். நல்லெண்ணம் அதற்கு மேல்தான்.

அடுத்தது, குறைந்தபட்சக் கொள்முதல் என்ற நிபந்தனை. நம் கடைக்காரர் இங்கேதான் பதறுவார். "நிபந்தனை போடாவிட்டால் ஒருவர் 190 ரூபாய் ஜாக்கெட் பிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவாரே, டெலிவரியும் நம் தலையிலா?" போகட்டும். சிலர் அப்படிச் செய்வார்கள். அவர்கள் கையில் அந்த ஜாக்கெட் பிட் நிஜமான ஈடாகப் போய்ச் சேரும். கடையைப் பற்றி நாலு பேரிடம் சொல்லவும் செய்வார்கள். கூப்பன் உண்மையா, தூண்டிலா என்று வாடிக்கையாளர் கண்டுபிடிப்பது இந்த ஒரு நிபந்தனையை வைத்துத்தான். டெலிவரிக்கு 80 ரூபாய் வாங்கினால் 200 ரூபாய் கூப்பன் 120 ஆகிவிடும், அதனால் அந்த ஒரு ஆர்டருக்கு டெலிவரி இலவசம் என்றும் போட வேண்டும். ஏற்கெனவே தள்ளுபடியில் இருக்கும் புடவைக்கும் செல்ல வேண்டும். கூப்பன் அனுப்பிய வாரத்தில் விலையை ஏற்றாமல் இருப்பது இன்னும் முக்கியம். பெண்கள் விலையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளும் காலம் இது.

கெடு தேதியில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். டாக்ஸியில் போகிறவர் அடுத்த வாரமும் போவார். தீபாவளிக்குப் புடவை எடுத்தவர் அடுத்த வாரம் புடவை எடுப்பாரா? பொங்கலுக்கு எடுக்கலாம்; தை, மாசி முகூர்த்தத்துக்கு எடுக்கலாம்; சித்திரைக்கு எடுக்கலாம். அக்டோபர் 31 வரை என்று கெடு வைத்த கூப்பன், யாரும் பயன்படுத்தக் கூடாது என்று அச்சடித்தது. ஏப்ரல் கடைசி வரை கொடுத்தால் மூன்று சந்தர்ப்பம் கிடைக்கிறது.

கோடு ஒவ்வொருவருக்கும் தனியாக, ஒரு தடவை மட்டும் செல்லுவதாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே DIWALI10 என்றால் அது அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். தாமதமே ஆகாதவர்களும் பயன்படுத்துவார்கள். பாதிக்கப்பட்டவருக்கு "எல்லோருக்கும் கொடுத்ததுதானே" என்று தோன்றும். இணையதள மென்பொருள்கள் பலவற்றில் நூறு தனிக் கோடுகளை மொத்தமாக உருவாக்கிக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாத கடை, வாடிக்கையாளரின் ஃபோன் நம்பரை வைத்துக் கழித்துக்கொள்ளலாம், கோடே வேண்டாம்.

அந்த இரண்டாவது கடிதம் இவ்வளவுதான்: "மெரூன் புடவை 23-ஆம் தேதிதான் உங்கள் கைக்கு வந்தது என்று தெரிந்துகொண்டோம். தீபாவளிக்குக் கட்ட முடியாமல் போனதை எங்களால் ஈடுசெய்ய முடியாது. டெலிவரிக்கு வாங்கிய 80 ரூபாய் நேற்று உங்கள் கணக்குக்கு அனுப்பப்பட்டது. உங்கள் பெயரில் 200 ரூபாய் வரவு வைத்திருக்கிறோம். ஏப்ரல் 30 வரை எதை வாங்கினாலும், எவ்வளவுக்கு வாங்கினாலும் அதைக் கழித்துக்கொள்ளலாம். அந்த ஆர்டருக்கு டெலிவரிக் கட்டணம் இல்லை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், இதைப் பற்றி மறுபடி மெசேஜ் அனுப்பித் தொந்தரவு செய்ய மாட்டோம்." கடைசி வாக்கியத்தைக் காப்பாற்ற வேண்டும். "உங்கள் கூப்பன் முடியப்போகிறது!" என்று மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் இரண்டு என்று அனுப்பினால் மொத்தமும் விளம்பரமாகிவிடும்.

செலவைக் கூட்டிப் பார்ப்போம். நூறு பேருக்கு 80 ரூபாய், 8,000. கூப்பனை எல்லோருமே பயன்படுத்தினால் 20,000. மூன்றில் ஒருவர் பயன்படுத்தினால் 6,600-க்குச் சற்றுக் கூட. பண்டிகை விற்பனை 640 புடவை, ரூ.9,28,000. மூன்றில் ஒரு பங்குக் கணக்கில் மொத்தச் செலவு விற்பனையில் ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே; எல்லோரும் பயன்படுத்தினாலும் மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டும். பஸ் பார்சல் செலவு, திரும்பி வரும் பார்சல் செலவு தனி. கேஷ் ஆன் டெலிவரியில் போன பார்சலை வீட்டில் வாங்க மறுத்துவிட்டால் போக்குவரத்து இரண்டு பக்கமும் கடை தலையில்தான். அது வலிக்கும். அந்த வலியை வாடிக்கையாளர் மேல் திருப்பி, "வாங்க மறுத்தால் இனி உங்களுக்குக் கேஷ் ஆன் டெலிவரி கிடையாது" என்று எழுதும் கடைகளும் உண்டு. தாமதம் தன்னுடையதாக இருக்கும்போது அப்படி எழுதுவது அடாவடி.

எந்தக் கடிதத்தாலும் சமாளிக்க முடியாத சிலர் இருப்பார்கள். அந்த 35 பேரில் ஒருவர், மகளின் தலை தீபாவளிக்கு என்று ஆர்டரிலேயே குறிப்பு எழுதியிருந்தால்? மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அந்தப் புடவை இல்லாமல் நின்றதற்கு 200 ரூபாய் என்பது இன்னொரு அவமானம். இவர்களைப் பட்டியலிலிருந்து தனியே எடுத்து, கடை முதலாளியே புதன்கிழமை இரவு ஃபோன் போட வேண்டும். "அம்மா, உங்க பொண்ணு தலை தீபாவளிப் புடவை எங்க கடையிலேயே நின்னுபோச்சு. தப்பு எங்களோடது. நாளைக்கு ராத்திரி பஸ்ல ஏத்திடறேன், இல்லேன்னா பணத்தை இப்பவே அனுப்பிடறேன், நீங்க அங்கேயே எடுத்துக்குங்க. எது சௌகரியம்னு சொல்லுங்க." திட்டு விழும். அதைக் கேட்டுக்கொள்வதும் மன்னிப்பில் சேர்ந்ததுதான். அவருக்குக் கூப்பன் அனுப்புவதா வேண்டாமா என்பதை அந்தப் பேச்சைப் பார்த்து முடிவு செய்யலாம். அனுப்பாமல் விடுவதே பல நேரம் நல்லது.

கடிதம் பலித்ததா என்று எப்படித் தெரியும்? எத்தனை கூப்பன் பயன்பட்டது என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஏப்ரலில் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட வேண்டும்: தாமதமான 100 பேரில் எத்தனை பேர் மறுபடி வாங்கினார்கள், நேரத்துக்குப் பெற்றவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பிழைத்தோம். தாமதமானவர்கள் பாதியாகக் குறைந்திருந்தால், கூப்பன் தீர்ந்திருந்தாலும் ஆள் போய்விட்டார் என்று பொருள்; அந்த 200 ரூபாயை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிட்டுப் போயிருப்பார்.

"இனி நடக்காது" என்ற வாக்கைக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்றேன். அதைக் கடையின் ஆர்டர் பக்கத்தில் எழுதலாம். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வீடு சேர்க்கக் கடைசி நாள் 7, சனி. ஏழு நாள் டெலிவரி, நெரிசலுக்கு இன்னும் நாலு நாள் என்று பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் 27. ஒரு நாளைக்குக் கட்ட முடிவது 60 என்றால், கட்ட வேண்டிய பார்சல்கள் 27-ஆம் தேதிக்குள் தீராது என்ற நிலை வந்த அன்றே, தேதி எதுவானாலும், இணையதளத்தில் ஒவ்வொரு புடவைக்குக் கீழேயும் ஒரு வரி மாற வேண்டும்: "இப்போது ஆர்டர் செய்தால் தீபாவளிக்குப் பிறகுதான் வரும்." லேபிள் அடித்ததும் மெசேஜ் போவதை நிறுத்திவிட்டு, கூரியர் ஆள் ஸ்கேன் செய்த பிறகு போகும்படி மாற்றுவது அன்றைக்குச் செய்ய வேண்டிய இன்னொரு வேலை. பல தளங்களில் இதைச் செட்டிங்ஸிலேயே மாற்றிக்கொள்ளலாம்.